மாதச் சந்தாவின் நடுவே திட்டம் மாறினால்: இன்வாய்ஸில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாதச் சந்தா வாடிக்கையாளர்களுக்குத் தானாகவே இன்வாய்ஸ் போகும்படி அமைப்பது கடினமில்லை. பெயர், தொகை, தேதி, "மாதந்தோறும்" என்ற தேர்வு ஆகியவற்றைக் கொடுத்தால் முடிந்தது. முதல் சில மாதங்கள் எல்லாம் ஒழுங்காகவே போகும். ஒரு வாடிக்கையாளர் மாத நடுவில் "இன்றிலிருந்து பெரிய திட்டத்துக்கு மாறிக்கொள்கிறேன்" என்று எழுதும்போதுதான் அமைப்பில் விட்டுப்போனவை ஒவ்வொன்றாக வெளிவரும். அவற்றில் பல, தொடக்கத்தில் ஒரு வரியைச் சேர்த்திருந்தாலே தவிர்த்திருக்கக்கூடியவை.

அந்த ஒரு வரி, சேவைக் காலம். "மாதச் சந்தா – 3,000" என்று மட்டும் எழுதிய இன்வாய்ஸ் எந்த நாள் முதல் எந்த நாள் வரைக்கான பணம் என்பதைச் சொல்வதில்லை. ஏப்ரல் 1 அன்று போகும் இன்வாய்ஸ் ஏப்ரல் மாதத்துக்கான முன்பணமா, முடிந்துபோன மார்ச்சுக்கான கட்டணமா? மாற்றம் எதுவும் நேராதவரை இந்தக் கேள்வி எழாது. திட்டம் மாறும் நாளில், எத்தனை நாளுக்குப் பணம் ஏற்கெனவே வந்திருக்கிறது என்பதைத்தான் முதலில் அறிய வேண்டும்; அது எழுத்தில் இல்லாவிட்டால் இருதரப்பும் தமக்குச் சாதகமான பதிலைத்தான் நினைவில் வைத்திருப்பார்கள். எனவே "ஏப்ரல் 1 முதல் ஏப்ரல் 30 வரை" என்ற வரி ஒவ்வொரு இன்வாய்ஸிலும் தானாக வந்து விழும்படி அமைத்துவிடுங்கள்.

தொடக்கத்திலேயே கவனிக்க வேண்டிய இன்னொன்று மாதக் கடைசித் தேதிகள். ஜனவரி 31 அன்று சேர்ந்தவருக்கு அடுத்த இன்வாய்ஸ் பிப்ரவரி 28 அன்று போகும். சொந்தமாக நிரல் எழுதுவோரும் விரிதாளில் கணக்கு வைப்போரும், கடைசி இன்வாய்ஸ் தேதியோடு ஒரு மாதத்தைக் கூட்டி அடுத்த தேதியைக் கண்டுபிடிப்பது வழக்கம். அப்படிச் செய்தால் மார்ச் 28, ஏப்ரல் 28 என்று தேதி நிரந்தரமாக நகர்ந்துவிடும். முந்தைய தேதியிலிருந்து கூட்டாமல், சந்தா தொடங்கிய மூலத் தேதியிலிருந்தே ஒவ்வொரு மாதத்தையும் கணக்கிட வேண்டும். அப்போது பிப்ரவரி 28க்குப் பிறகு மார்ச் 31 என்று சரியாகத் திரும்பும்.

போன இன்வாய்ஸைத் திருத்துவது

இனி மாற்றத்துக்கு வருவோம். ஒரு வாடிக்கையாளர் மாதம் 3,000 திட்டத்தில் இருக்கிறார். ஏப்ரல் மாதத்துக்கான இன்வாய்ஸ் 1ஆம் தேதி போய், பணமும் வந்துவிட்டது. ஏப்ரல் 11 முதல் 4,500 திட்டத்துக்கு மாறுகிறார்.

இங்கே பலருடைய கை நேராகப் போவது பழைய இன்வாய்ஸுக்குத்தான். அதைத் திறந்து தொகையை மாற்றி மறுபடி அனுப்பிவிடுவார்கள். இந்தப் பட்டியலில் மிக மோசமான தவறு இதுதான் என்று நினைக்கிறேன். அந்த இன்வாய்ஸ் வாடிக்கையாளரின் கணக்கேட்டில் 3,000 என்று பதிவாகியிருக்கும். வங்கிப் பரிமாற்றமும் 3,000 என்றே இருக்கும். ஒரே எண்ணில் இரண்டு தொகைகள் உலவத் தொடங்கினால், பிறகு எந்தக் கணக்காளராலும் அதை எளிதாக நேர்செய்ய முடியாது. அனுப்பிய இன்வாய்ஸைத் தொடக்கூடாது. மாற்றத்தை வேறு ஆவணத்தில்தான் காட்ட வேண்டும்: கூடுதல் கட்டணம் என்றால் புதிய இன்வாய்ஸ், குறைப்பு என்றால் கிரெடிட் நோட்.

அடுத்த தவறு, தானாகப் போகும் இன்வாய்ஸின் வார்ப்புருவில் தொகையை 4,500 என்று மாற்றிவிட்டு அத்தோடு விட்டுவிடுவது. மே மாதம் சரியாகப் போகும். ஆனால் ஏப்ரல் 11 முதல் 30 வரை பெரிய திட்டத்தைப் பயன்படுத்தியதற்கான பணம் யாரும் கேட்காமலே போய்விடும். பிழைச் செய்தி எதுவும் வராது என்பதால் இது எளிதில் கண்ணில் படுவதில்லை.

கணக்கு எப்படிப் போக வேண்டும்

சரியான வழியில் இரண்டு வரிகள் இருக்கும். பழைய திட்டத்தில் பயன்படுத்தாத நாட்களுக்கான வரவு ஒரு வரி. புதிய திட்டத்தில் மீதி நாட்களுக்கான கட்டணம் இன்னொரு வரி. ஏப்ரல் 11ஐயும் 30ஐயும் சேர்த்து எண்ணினால் 20 நாட்கள். (30லிருந்து 11ஐக் கழித்து 19 என்று எழுதுவது அடிக்கடி நேரும் பிழை. மாறிய நாள் புதிய திட்டத்தைச் சேர்ந்தது. அதை ஒரு பக்கத்தில் மட்டும், ஆனால் தவறாமல் எண்ண வேண்டும்.)

```
வரவு:     3,000 × 20/30 = 2,000
கட்டணம்:  4,500 × 20/30 = 3,000
வித்தியாசம்: 3,000 − 2,000 = 1,000
```

வாடிக்கையாளர் இப்போது தர வேண்டியது 1,000. திட்டங்களின் முழு வித்தியாசமான 1,500ஐக் கேட்டால் அவர் பயன்படுத்தாத 10 நாட்களுக்கும் பணம் வாங்குகிறீர்கள்.

விடை சரியா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. எவ்வளவு சிக்கலான மாற்றத்துக்கும் இதுவே போதும். அந்த மாதத்தை நாள்வாரியாகப் பிரித்து முதலிலிருந்து கூட்டிப் பாருங்கள். பழைய திட்டம் நாளுக்கு 100 வீதம் 10 நாட்கள், 1,000. புதிய திட்டம் நாளுக்கு 150 வீதம் 20 நாட்கள், 3,000. மொத்தம் 4,000. ஏற்கெனவே வாங்கிய 3,000மும் இப்போது கேட்கும் 1,000மும் சேர்ந்தால் அதே 4,000. இந்த இரண்டு மொத்தங்களும் ஒத்துவராவிட்டால் இன்வாய்ஸை அனுப்பாதீர்கள்.

வகுக்கும் எண்ணிலும் ஒரு பொறி உண்டு. எளிமைக்காக எல்லா மாதத்தையும் 30 நாட்களாக வைத்துக்கொண்டால், 31 நாள் மாதத்தின் முதல் நாளே மாறுபவருக்கு 31/30 பங்கு வரவு கிடைக்கும். அதாவது அவர் கட்டியதைவிட அதிகம். அந்தக் காலத்தில் உண்மையில் எத்தனை நாட்கள் இருக்கின்றனவோ அவற்றால் வகுப்பதே பிழையில்லாத வழி. ஸ்ட்ரைப் போன்ற இணையவழிக் கட்டண வசூல் சேவைகள் நாளுக்குப் பதில் நொடிக்கணக்கில் பங்கிடுகின்றன. மாற்றம் மதியம் நடந்திருந்தால் உங்கள் கைக்கணக்கோடு சிறு வேறுபாடு தெரியும். அது கோளாறு அன்று.

அந்த 1,000ஐ எப்போது கேட்பது

ஸ்ட்ரைப்பில் `proration_behavior` என்ற அமைப்பு இதைத் தீர்மானிக்கிறது. எதுவும் குறிப்பிடாவிட்டால் அது `create_prorations` என்று எடுத்துக்கொள்ளும். அப்படியானால் வழக்கமாக அந்த 1,000 அடுத்த மாத இன்வாய்ஸில் போய்ச் சேரும். `always_invoice` என்று கொடுத்தால் உடனே தனி இன்வாய்ஸ் போகும். `none` என்றால் பங்கீடே கிடையாது.

இதைக் கவனிக்காமல் விட்டால், மே 1 அன்று 4,500ஐ எதிர்பார்த்திருக்கும் வாடிக்கையாளருக்கு 5,500க்கு இன்வாய்ஸ் போகும். கணக்கு சரிதான், ஆனாலும் அவர் அதைத் தவறு என்றே நினைப்பார், கட்டாமல் நிறுத்தி வைப்பார். மேலே மாறுபவருக்கு உடனே இன்வாய்ஸ் அனுப்புவதையே நான் பரிந்துரைப்பேன். மாறும் விருப்பம் பசுமையாக இருக்கும்போது 1,000 எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. அடுத்த மாதத்தில் சேர்ப்பதாக இருந்தால், உறுதிசெய்யும் அஞ்சலிலேயே "மே மாதம் மட்டும் 5,500, ஜூன் முதல் 4,500" என்று எழுதிவிட வேண்டும்.

கீழிறங்கும் மாற்றத்துக்கு இது பொருந்தாது. 4,500லிருந்து 3,000க்கு இறங்குபவரை நடப்புக் காலம் முடியும்வரை பெரிய திட்டத்திலேயே வைத்து, அடுத்த காலத்திலிருந்து மாற்றுவது இருதரப்புக்கும் எளிது. வரவும் இல்லை, பணம் திருப்பித் தருவதும் இல்லை. ஒன்றை மட்டும் பார்க்க வேண்டும்: சில மென்பொருள்கள் அடுத்த மாத இன்வாய்ஸின் வரைவைச் சில நாட்கள் முன்பே உருவாக்கி வைத்துவிடும். வார்ப்புருவை மாற்றினாலும் அந்த வரைவில் பழைய தொகையே இருக்கும்.

வரவு எதன் மேல்

மேலே சொன்ன வாடிக்கையாளர் ஏப்ரலுக்கு 10 விழுக்காடு தள்ளுபடியில் 2,700 மட்டுமே கட்டியிருந்தார் என்று வைத்துக்கொள்வோம். விலைப்பட்டியலிலுள்ள 3,000ஐ வைத்து வரவு கொடுத்தால் 2,000 போகும். அவர் கட்டியதில் மீதி நாட்களின் பங்கு 1,800தான். 200ஐச் சும்மா கொடுத்துவிடுகிறீர்கள். வரவு எப்போதும் கட்டிய தொகையின் மேல்தான். புதிய திட்டத்துக்கும் அந்தத் தள்ளுபடி தொடருமா என்பது தனிக் கேள்வி. தொடர்ந்தால் மீதிக் கட்டணம் 2,700, அவர் தர வேண்டியது 900. தொடராவிட்டால் 1,200. எது என்று மாற்றத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். வரியிலும் இதே முறைதான்: வரவுக்கும் மூல இன்வாய்ஸில் போட்ட வரி விகிதத்தையே பயன்படுத்த வேண்டும்.

இதைவிட ஆபத்தானது, இன்னும் கட்டாத இன்வாய்ஸின் மேல் வரவு கொடுப்பது. 4,500க்கான ஏப்ரல் இன்வாய்ஸைக் கட்டாமலே ஒருவர் 11ஆம் தேதி உடனடியாக 3,000 திட்டத்துக்கு இறங்குகிறார். மென்பொருள் 3,000 வரவு வைத்து, 2,000 கட்டணம் போட்டு, மிச்சம் 1,000ஐ அவர் கணக்கில் சேர்க்கிறது. மே இன்வாய்ஸ் 2,000 என்று போகிறது. அதை அவர் கட்டுகிறார். ஏப்ரலின் 4,500 கட்டப்படாமலே நின்று, ஒருநாள் வாராக்கடனாகத் தள்ளப்படுகிறது. வராத பணத்துக்கு 1,000 தள்ளிக் கொடுத்தாகிவிட்டது. நிலுவை இருக்கும்போது திட்ட மாற்றத்தை நிறுத்தி வைக்க வேண்டும், அல்லது அந்த 1,000ஐ ஏப்ரல் இன்வாய்ஸின் மேலேயே கிரெடிட் நோட்டாகப் போட்டு, அவர் தர வேண்டிய 3,500ஐக் கேட்க வேண்டும்.

ஒரே மாதத்தில் இரண்டு முறை மாறுபவர்களும் உண்டு. முதல் வாடிக்கையாளர் 11ஆம் தேதி மேலே போய், 21ஆம் தேதி பழைய திட்டத்துக்கே உடனடியாகத் திரும்புகிறார் என்றால், இரண்டாம் மாற்றத்தின் வரவு 4,500 திட்டத்தின் மீதி 10 நாட்களுக்கானது: 1,500. பழைய திட்டக் கட்டணம் 1,000. கணக்கில் 500 மிச்சம். ஏப்ரல் 1 இன்வாய்ஸைப் பார்த்து வரவு போடுபவர்கள் இங்கே தவறுகிறார்கள். கடைசியாக நடப்பில் இருந்த திட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். நாள்வாரியாகக் கூட்டினால் 1,000, 1,500, 1,000 என்று 3,500 வரும். வாங்கிய 4,000த்தில் 500ஐக் கழித்தாலும் அதுவே. அந்த 500ஐக் கழித்தல் குறியோடு தனி இன்வாய்ஸாக அனுப்பாமல், வாடிக்கையாளர் கணக்கில் இருப்பாக வைத்து, மே இன்வாய்ஸில் 2,500 என்று காட்டுங்கள்.