மடிக்கணினி இந்திய நேரத்திலேயே இருந்தால்: தேர்வும் முன்பதிவும் தவறான நேரம் காட்டும்போது

டொராண்டோவில் விமானம் விட்டு இறங்கியதும் கைபேசி உள்ளூர் நேரத்துக்குத் தானாக மாறிவிடும். மடிக்கணினி பெரும்பாலும் மாறாது. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ அமைத்த நேர மண்டலத்தையே அது பிடித்துக்கொண்டிருக்கும். அந்தக் கணினியில் மொழித் தேர்வுக்கோ ஓட்டுநர் தேர்வுக்கோ நேரம் பதிவு செய்யும்போதுதான் வினை தொடங்குகிறது.

பல முன்பதிவுத் தளங்கள் நேரத்தை உலகப் பொது நேரத்தில் சேமித்து வைக்கின்றன. திரையில் காட்டும்போது உங்கள் கணினியின் நேர மண்டலத்தை உலாவியிடம் கேட்டு, அதற்கேற்ப மாற்றிக் காட்டுகின்றன. நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்பதை அவை பார்ப்பதில்லை. அதனால் விபிஎன் போட்டாலும் எடுத்தாலும் இந்தக் குழப்பம் தீராது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். நவம்பர் 12 அன்று டொராண்டோ தேர்வு மையத்தில் காலை 10 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடம் இருக்கிறது. நவம்பரில் இந்தியாவும் இலங்கையும் டொராண்டோவைவிடப் பத்தரை மணி நேரம் முன்னால் இருக்கின்றன. ஆகவே இந்திய நேரத்தில் இருக்கும் கணினி முதல் நேரத்தை இரவு 8:30 என்று காட்டும். இரண்டாவது நேரம் நவம்பர் 13, நள்ளிரவு 12:30 ஆகிவிடும், தேதியே மாறிவிடுகிறது. இரவு 8:30 என்று நம்பிப் போனால், தேர்வு காலையிலேயே முடிந்திருக்கும், மையம் பூட்டியிருக்கும்.

கண்டுபிடிக்கும் வழி இதிலேயே இருக்கிறது. நேரில் போக வேண்டிய அலுவலகம் இரவு எட்டரைக்கும் நள்ளிரவுக்கும் இடம் காட்டினால் உடனே நிறுத்துங்கள். இந்தியா, இலங்கை இரண்டின் நேரமும் அரை மணியில் முடிவதால், முழு மணிக்குத் தொடங்க வேண்டியவை எல்லாம் 7:30, 8:30 என்று வரிசையாக நிற்பதும் நல்ல அடையாளம். வீட்டிலிருந்தே எழுதும் இணையத் தேர்வில் நள்ளிரவு நேரம் உண்மையாகவே இருக்கலாம் என்பதால், அங்கே நேரத்தின் அருகில் உள்ள மண்டலப் பெயரைத்தான் பார்க்க வேண்டும். `America/Toronto` அல்லது, நவம்பர் மாதத் தேர்வானால், `GMT-5` என்றால் சரி. `Asia/Kolkata`, `Asia/Calcutta`, `Asia/Colombo` என்றால் ஊர் நேரம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அயர்லாந்தில் இருப்பவர்கள் `IST` என்பதை மட்டும் நம்ப வேண்டாம். அங்கே கோடைக்கால நேரத்துக்கும் அதே மூன்று எழுத்துகள்தாம்.

விண்டோஸ் 11 கணினியில் Settings, பிறகு Time & language, பிறகு Date & time என்று சென்று, Time zone என்ற இடத்தில் டொராண்டோவுக்குரிய Eastern Time என்பதைத் தேர்ந்தெடுங்கள். Set time zone automatically என்பதை நம்பி விடுவதானால் இருப்பிடச் சேவையும் இயங்க வேண்டும். பிறகு உலாவியை முழுவதும் மூடித் திறந்து, முன்பதிவுப் பக்கத்தை மீண்டும் பாருங்கள்.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது: மண்டலத்தை அப்படியே விட்டுவிட்டுக் கடிகார முள்ளை மட்டும் கையால் திருப்புவது. மணி சரியாகத் தெரியும். ஆனால் கணினி அதை இந்திய நேரம் என்றே எண்ணும். முன்பதிவுப் பக்கம் பழைய தவற்றையே காட்டும். அதோடு, பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று சில தளங்கள் திறக்க மறுக்கக்கூடும். கணினியிலேயே உருவாகும் உள்நுழைவு எண்களையும் தளம் ஏற்காது, ஏனெனில் அவை வழக்கமாக முப்பது நொடிக்கு ஒருமுறை நேரத்தை வைத்தே மாறுகின்றன.

கணினியைச் சரிசெய்த பிறகும் நேரம் மாறவில்லை என்றால், தளத்தில் உங்கள் சுயவிவரப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். ஊரில் இருந்தபோது தொடங்கிய கணக்கில் அப்போதைய மண்டலமே பதிந்திருக்கலாம். வேலை செய்பவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. தொலைவிலிருந்தபடி சென்னை அலுவலகக் கணினியில் நுழைந்து அதன் உலாவியில் பக்கத்தைத் திறந்தால், சென்னை நேரம்தான் தெரியும். சொந்தச் சந்திப்புகளை அந்தச் சாளரத்துக்கு வெளியே பதிவு செய்யுங்கள்.

ஏற்கெனவே பதிவு செய்துவிட்டவர்கள் பதறி ரத்து செய்ய வேண்டாம். கட்டணமும் கிடைத்த இடமும் கைவிட்டுப் போகக்கூடும். மண்டலத்தை மாற்றிவிட்டு அதே பதிவைத் திறந்தால், உண்மையில் எந்த நேரத்தைப் பிடித்திருக்கிறீர்கள் என்பது தெரியும். அதை உறுதிப்படுத்தல் மின்னஞ்சலோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால், பதிவு எண்ணைக் குறிப்பிட்டு, "டொராண்டோ நேரப்படி எத்தனை மணி, எந்தத் தேதி?" என்று மையத்திடம் எழுத்தில் கேளுங்கள். அந்த நேரம் உங்களுக்கு ஒத்துவராவிட்டால் மட்டும், நேரம் மாற்றுவதற்கான கடைசி நாளைப் பார்த்துக்கொண்டு மாற்றுங்கள்.