வாரம் ஒரு நாள் மாத்திரையைத் தினசரிக் கட்டத்தில் எழுதாதீர்கள்

போன வாரம் பக்கத்து வீட்டுப் பையன் அவன் பாட்டிக்கு மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தான். கோடு போட்ட நோட்டில் காலை, மதியம், இரவு என்று மூன்று கட்டம், பக்கத்தில் மாத்திரைப் பெயர், கட்டத்துக்குள் டிக். "நல்லா இருக்கா அக்கா?" என்று காட்டினான். நாலாவது வரியைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. எட்டு வருஷத்துக்கு முன்னால் என் பெரியம்மாவுக்கு நான் போட்டுக் கொடுத்த அதே அட்டவணை, அதே மாத்திரை, அதே இடத்தில் டிக்.

பெயரைப் பிழையாக எழுதுவது, கையெழுத்து புரியாதது பற்றியெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அதெல்லாம் யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

வாரம் ஒரு முறை என்பதை ஓரத்தில் எழுதுவது

பெரியம்மாவுக்கு ஊர் போச்சம்பள்ளி பக்கம். முடக்குவாதத்தில் விரல் மடங்காமல் களி கிண்ட முடியாத நிலை வந்தபோது தர்மபுரியில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். மெத்தோட்ரெக்சேட் எழுதினார். வாரத்தில் ஒரு நாள் மட்டும், ஞாயிற்றுக்கிழமை இரவு, ஏழரை மில்லிகிராம். கடையில் கொடுத்தது இரண்டரை மில்லிகிராம் மாத்திரை. ஆக, ஒரு தடவைக்கு 3 மாத்திரை, நாலு வாரத்துக்கு 12.

நான் என்ன செய்தேன்? பிரஷர் மாத்திரை, சுகர் மாத்திரைக்குப் போட்ட அதே அட்டவணையில் இதற்கும் ஒரு வரி சேர்த்தேன். இரவுக் கட்டத்தில் 3 என்று போட்டு டிக் அடித்தேன். கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில், சின்னதாக "வாரம் ஒரு முறை" என்று எழுதினேன். வாயாலும் ஒரு தடவை சொன்னேன். "சரி கண்ணு" என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் போன். "மூட்டு வலி மாத்திரை தீந்துபோச்சு கண்ணு, வரும்போது வாங்கிட்டு வா."

ஒரு மாதத்துக்கான 12 மாத்திரை ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன் என்று நாலே ராத்திரியில் முடிந்திருந்தது. ஏழரை போக வேண்டிய உடம்பில் முப்பது மில்லிகிராம் போயிருக்கிறது. நேரில் போய்ப் பார்த்தால் உதட்டின் உள்பக்கமெல்லாம் வெந்து கிடந்தது. "களி கூட எறங்கல, தண்ணி குடிச்சா எரியுது" என்றார். அட்டையோடு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு ஓடினோம். ரத்தத்தில் வெள்ளணு இறங்கியிருந்தது. 9 நாள் படுக்கை. பிழைத்தார்.

இந்த மருந்து உடம்பில் ஃபோலிக் அமிலம் செய்யும் வேலையைத் தடுக்கிறது. வேகமாகப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் இடங்கள்தான் முதலில் அடிவாங்கும். வாயின் உள்தோலும் எலும்பு மஜ்ஜையும் அப்படிப்பட்டவை. சிறுநீரகம்தான் மருந்தை வெளியேற்ற வேண்டும், வயதானவர்களுக்கு அது மெதுவாகத்தான் நடக்கும். அதனால் தினமும் விழுங்கினால் முந்தின நாளுடையது போவதற்குள் அடுத்தது சேர்ந்துவிடும். வாய்ப்புண், காய்ச்சல், தொண்டை வலி, காரணமில்லாமல் தோலில் ரத்தக்கட்டு இதில் எது தெரிந்தாலும் அடுத்த வேளைக்குக் காத்திருக்கக் கூடாது. அட்டையை எடுத்துக்கொண்டு உடனே போக வேண்டும்.

பெரியம்மா மேல் ஒரு தப்பும் இல்லை. எழுத்துக்கூட்டிப் படிப்பவர் அவர். டிக் இருந்தால் விழுங்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். காலை, மதியம், இரவு என்று கட்டம் போட்டாலே அது தினமும் என்றுதான் பேசும். ஓரத்தில் எத்தனை எழுதினாலும் கட்டம் சொல்வதுதான் நிற்கும். இன்றைக்கும் யாராவது இந்த மாத்திரையைத் தினசரி அட்டவணையில் போட்டிருப்பதைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது, அந்தப் பையனிடமும் சத்தம் போட்டுவிட்டேன்.

இப்போது நான் எழுதுவது இப்படி. தனித் தாள், பெரிய எழுத்து:

மெத்தோட்ரெக்சேட், மூட்டுக்கு.
ஞாயிற்றுக்கிழமை, சந்தை நாள், ராத்திரி மட்டும்.
இரண்டரை மில்லிகிராம் மாத்திரை 3. மொத்தம் ஏழரை மில்லிகிராம்.
திங்கள் முதல் சனி வரை தொடக் கூடாது.

போச்சம்பள்ளிச் சந்தை ஞாயிற்றுக்கிழமை கூடுவது பெரியம்மாவுக்குக் கிழமையைவிட நன்றாக நினைவிருக்கும். அதனால்தான் அந்த வார்த்தை. ஆனால் கிழமையை முடிவு செய்வது டாக்டர்தான், நாமாக மாற்றக் கூடாது. கூடவே ஃபோலிக் அமில மாத்திரையும் எழுதுவார்கள், பெரியம்மாவுக்குப் புதன்கிழமை. சில கம்பெனிகளில் இரண்டுமே மஞ்சளாக, சின்னதாக இருக்கும். ஒரே டப்பாவில் போடாதீர்கள். அட்டையைப் பிரிக்காமல் மூன்று மூன்றாக வெட்டி, நாலு கவரில் போட்டு, ஒவ்வொன்றிலும் பெயர், அளவு, தேதி எழுதி, மருமகளிடம் கொடுத்திருக்கிறேன். தேதி வரும்போது ஒரு கவர் மட்டும் வெளியே வரும்.

மாத்திரை எண்ணிக்கையை மட்டும் எழுதுவது

மூன்றாவது மாதம் கடையில் இரண்டரை இல்லை. ஒரே மாத்திரையில் ஏழரை மில்லிகிராம் உள்ள அட்டையைக் கொடுத்தார்கள். அதுவும் அதே மருந்துதான், கடைக்காரர் செய்ததும் சரிதான். ஆனால் சீட்டில் "3 மாத்திரை" என்று மட்டும் இருந்திருந்தால் ஒரே ராத்திரியில் இருபத்திரண்டரை போயிருக்கும். "மொத்தம் ஏழரை" என்று இருந்ததால் மருமகள் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தாள். அட்டை மாறினால் பழைய சீட்டைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதுங்கள். அடித்துத் திருத்த வேண்டாம். புள்ளி வைத்த எண் எதுவானாலும் எழுத்தாலும் எழுதுங்கள். மங்கலான கண்ணுக்கு 7.5 என்பது 75.

"ஒரு வேளை"

சேர்த்துப் படித்தால் 'ஒருவேளை' ஆகிவிடும். எந்த வேளை என்று எழுதுங்கள்.

வெறும் வயிறு என்று விட்டுவிடுவது

நம் பக்கத்துப் பெரியவர்களுக்குக் காலை டீ சாப்பாட்டுக் கணக்கில் சேராது. தைராய்டு மாத்திரைக்கு "வெறும் வயிற்றில்" என்று எழுதினால் டீ குடித்துவிட்டுத்தான் போடுவார்கள், மாத்திரை சரியாகச் சேராது. "எழுந்ததும் தண்ணியோட. டீ அரை மணி நேரம் கழிச்சு" என்று எழுதினால் யாரும் கேள்வி கேட்பதில்லை. சாப்பாட்டுக்குப் பின் என்பதும் அப்படித்தான். காட்டுக்குப் போகிறவர் ஆறு மணிக்குக் கூழ் குடித்துவிட்டுப் பத்து மணிக்குக் களி தின்பார். எதற்குப் பின் என்று கேட்டுக்கொண்டு எழுதுங்கள்.

எஸ்.ஓ.எஸ்.

தேவைப்பட்டால் மட்டும் என்று அர்த்தம். ஒரு நாளைக்கு அதிகபட்சம் எத்தனை, இடையில் எத்தனை மணி நேரம் என்று டாக்டரிடம் கேட்காமல் தமிழில் எழுதாதீர்கள்.

"புரிஞ்சுதா?" என்று கேட்பது

புரிஞ்சுது என்றுதான் சொல்வார்கள். பெரியம்மாவும் சொன்னார். இப்போது நான் அட்டைகளைப் பாயில் பரப்பிவிட்டு, "பெரிம்மா, இன்னைக்கு ராத்திரி எதெது போடுவீங்க, எடுத்துக் காட்டுங்க" என்பேன். பையனின் பாட்டியிடம் அவனையே அப்படிக் கேட்கச் சொன்னேன். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. பாட்டி பிரஷர் மாத்திரையை எடுத்தார், சுகர் மாத்திரையை எடுத்தார், அப்புறம் அந்த மஞ்சள் அட்டையையும் எடுத்தார். பையன் ஒன்றும் பேசாமல் நோட்டிலிருந்து தாளைக் கிழித்தான்.