கலங்கிப்போன எதிரொலியைத் தெளியவைத்தது

ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன், எதிரொலி எழுப்பும் டிலே, அறை முழக்கம் தரும் ரிவெர்ப் ஆகிய மூன்று பெடல்களையும் முதன்முதலாக இணைத்தபோது, என் எலெக்ட்ரிக் கிட்டாரில் ஒற்றைச் சுரம் கூட இரைச்சலாகவே ஒலித்தது. ஆம்ப்ளிஃபயர்தான் பழுது என்று எண்ணி இரண்டு நாள்களை வீணாக்கினேன். ஒவ்வொரு பெடலாக அணைத்துப் பார்த்தபோதுதான், டிஸ்டார்ஷனை நிறுத்தியதும் எதிரொலிகள் தெளிவாகக் கேட்டன.

பிழை வரிசையில் இருந்தது. கிட்டாரின் ஒலி முதலில் டிலேக்கும், அடுத்து ரிவெர்ப்புக்கும், கடைசியாக டிஸ்டார்ஷனுக்கும் சென்றது. டிஸ்டார்ஷன், ஒலி அலையைப் பெருக்கி அதன் முகடுகளை வெட்டிவிடுகிறது. அதனால் உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் இடையிலுள்ள வேறுபாடு சுருங்கிவிடுகிறது. படிப்படியாகத் தேய வேண்டிய எதிரொலிகள் அதற்குள் நுழைந்ததும் மூலச் சுரத்துக்கு நிகராக உயர்ந்தன. போதாததற்கு, புதிய சுரத்துடன் சேர்ந்து வெட்டுப்பட்டு, நான் வாசிக்காத அதிர்வெண்களையும் பிறப்பித்தன.

டிஸ்டார்ஷனை முதலிலும், டிலேயை அடுத்தும், ரிவெர்ப்பை இறுதியிலும் வைத்தேன். நிமிடத்துக்கு 120 தட்டுகள் கொண்ட பாடல் என்பதால், ஒரு தட்டின் நீளமான 500 மில்லிசெகண்டுக்கு டிலேயைத் திருப்பியதும், எதிரொலி தாளத்தில் விழுந்து தேய்ந்தது.

ஆனால் ஆம்ப்ளிஃபயரின் சொந்த டிஸ்டார்ஷனைப் பயன்படுத்தினால் இந்த வரிசை உதவாது; அது எல்லாப் பெடல்களுக்கும் பிறகுதான் வருகிறது. அப்போது டிலேயையும் ரிவெர்ப்பையும் அந்த டிஸ்டார்ஷனுக்குப் பிறகு ஒலியை வெளியே எடுத்துத் திருப்பி அனுப்ப ஆம்ப்ளிஃபயரின் பின்புறமுள்ள எஃபெக்ட்ஸ் லூப்பில், சென்ட், ரிட்டர்ன் துளைகளுக்கு நடுவே செருகவேண்டும்.