லேத்துக்கு ரோபோ வாங்குமுன் முதலாளிக்குப் போட்டுக் காட்ட வேண்டிய கணக்கு

பம்ப் உதிரிபாகங்களைக் கடையும் ஒரு சிறு தொழிற்கூடத்தின் உரிமையாளர், சி.என்.சி. லேத்துக்கு ஜாப் மாட்டிக் கழற்றும் ரோபோவை வைத்தால் உற்பத்தி இரட்டிப்பாகும் என்று நம்பியிருந்தார். அவருக்கு விளக்குவதற்காக நான் பின்பற்றிய வழிமுறையை இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: ஷிப்ட் எங்கே போகிறது என்று எழுதுங்கள்

பலரும் இடறும் இடம் இதுதான். ஸ்டாப்வாட்சுடன் அருகில் போய் நின்றால் ஆப்பரேட்டர் வழக்கத்தைவிட வேகமாக வேலை செய்வார். அந்த அளவு எதற்கும் உதவாது. ஆகவே மெஷின் நின்ற ஒவ்வொரு முறையும் நேரத்தையும் காரணத்தையும் ஒரு தாளில் அவரையே குறிக்கச் சொல்லுங்கள். ஷிப்ட் முடிவில் அதை மெஷினின் பார்ட்ஸ் கவுண்டருடன் ஒப்பிடுங்கள். இதற்கென விற்கப்படும் கண்காணிப்பு மென்பொருளை முதலிலேயே வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. மெஷின் நின்றது என்பதை அது தானாகவே சொல்லும். ஏன் நின்றது என்பதை அங்கும் ஒரு மனிதர்தான் உள்ளிட வேண்டும்.

எங்கள் தாளில் கிடைத்தது இது. கடைசல் 150 வினாடி, மாட்டிக் கழற்ற 30 வினாடி, ஆக ஒரு ஜாப்புக்கு 180 வினாடி. 480 நிமிட ஷிப்டில் 160 ஜாப் வர வேண்டும், வந்ததோ 104. அந்த 104 ஜாப்புக்குச் செலவானது 312 நிமிடம். மீதி 168 நிமிடத்தில் ஒரு வகை ஜாப்பிலிருந்து இன்னொரு வகைக்கு மாற்றும் செட்டிங்குக்கு 70, இன்சர்ட் மாற்றவும் அளவு திருத்தவும் 35, காஸ்டிங்குக்கும் பரிசோதனைக்கும் காத்திருக்க 30, சாப்பாடு, தேநீர் இடைவேளைக்கு 33 நிமிடம் போயிருந்தன.

இரண்டாம் படி: ரோபோ தொடும் வரிகளை மட்டும் திருத்துங்கள்

கடைசல் நேரம் 150 வினாடியாகவே இருக்கும், ஏனெனில் அதை முடிவு செய்வது டூலும் உலோகமும் புரோகிராமும்தான். இரட்டைக் கிரிப்பர் இருந்தால் மாட்டிக் கழற்றும் நேரம் 20 வினாடியாகக் குறையும் என்றும், இடைவேளையிலும் மெஷின் ஓடும் என்றும் வைத்துக்கொண்டோம். அதே சமயம் கிரிப்பர் விரல்களையும் ஜாப் அடுக்கும் தட்டையும் சேர்த்து மாற்ற வேண்டியிருப்பதால் செட்டிங்குக்கு 10 நிமிடம் கூட்டினோம். ஓடும் நேரம் 335 நிமிடம், ஒரு ஜாப்புக்கு 170 வினாடி. ஆக 118 ஜாப். இரட்டிப்பை எதிர்பார்த்தவருக்குக் கிடைப்பது 14 ஜாப் கூடுதல்.

இதன் பக்கத்திலேயே இன்னொரு கணக்கையும் எழுதிக் காட்டினேன். சக் ஜாக்களை ஜாப்வாரியாகக் கடைந்து வைத்து, டூல்களை முன்கூட்டியே அளந்து வைத்தால், ரோபோ இல்லாமலே செட்டிங் 70 நிமிடத்திலிருந்து பாதியாகக்கூடும். மிச்சமாகும் 35 நிமிடத்தில் 11 ஜாப் கூடுதலாக வரும். இதற்கு ஆகும் செலவு ரோபோவின் விலைக்கு அருகில்கூட வராது.

ரோபோவின் உண்மையான பலன் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரே ஜாப் நாள்கணக்கில் ஓடினால் செட்டிங் வரி ஏறத்தாழ மறைந்துவிடும். இரவு ஷிப்டுக்கு ஆள் கிடைக்காத இடத்தில் நின்றிருக்கும் மெஷின் ஓடும். ஒருவர் இரண்டு மூன்று மெஷின்களைப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு ஷிப்டில் பலமுறை ஜாப் மாறும் கூடத்துக்கு இவற்றுள் முதலாவது பொருந்தாது.

மூன்றாம் படி: தரத்தைப் பற்றித் தனியாகப் பேசுங்கள்

ரோபோ வந்தால் கழிவு குறையும் என்ற நம்பிக்கை பாதிதான் சரி. ஜாப்பைத் திருப்பி மாட்டுவது போன்ற கைத்தவறுகள் குறையும். ஆனால் அச்சு விலகி வார்க்கப்பட்ட காஸ்டிங்கை ஆப்பரேட்டர் கையில் எடுத்த உடனேயே ஒதுக்கிவிடுவார். அதற்கான சென்சாரோ கேமராவோ வைக்காவிட்டால் ரோபோ அதையும் மாட்டும். சக் ஜாவின் முகத்தில் ஒரு சிறு சிப் ஒட்டியிருந்தால் ஜாப் சாய்ந்து உட்காரும், கடைந்த முகம் மையத்துக்குச் செங்குத்தாக இராது. மனிதர் துடைத்துவிட்டு மாட்டுவார். ரோபோவோ தட்டு தீரும்வரை அதே பிழையைச் செய்துகொண்டே போகலாம். ஆகவே காற்றடித்துச் சுத்தம் செய்யும் ஏற்பாட்டையும், ஜாப் சரியாக உட்கார்ந்ததா என்று காற்றழுத்தத்தால் அறியும் வசதியையும் விலைப்பட்டியலிலேயே கேட்டுவிடுங்கள். இன்சர்ட் தேய்ந்து அளவு நகர்வதும் ரோபோவால் நிற்காது. குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு ஒரு ஜாப்பை யாராவது கேஜ் போட்டுப் பார்த்தே ஆக வேண்டும்.

பின்சேர்க்கை: கம்பியிலிருந்து கடையும் சிறு ஜாப்களுக்கும் இதே கணக்கா என்று சிலர் கேட்டிருந்தனர். அங்கே ரோபோவுக்குப் பதிலாக பார் ஃபீடரே பெரும்பாலும் போதும். ஆனால் மென் எஃகில் சிப் உடையாமல் நீளமாகச் சுருண்டு டூலைச் சுற்றிக்கொள்ளும் என்பதால், சிப் உடைக்கும் வடிவமுள்ள இன்சர்ட்டையும் ஃபீடையும் சரிசெய்யும்வரை ஆளில்லாமல் ஓட்ட வேண்டாம். எந்தக் கருவியானாலும், முன்பணம் தருவதற்கு முன் உங்கள் சொந்த காஸ்டிங்கிலேயே, நீங்கள் ஒதுக்கி வைத்தவற்றையும் கலந்து, ஒரு முழு ஷிப்ட் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.