மலிவு விலை அலமாரி உரியுமா? விளிம்பைப் பார்த்தால் தெரியும்

அலமாரி வாங்கப் போனால் நாம் மேல்பரப்பைத்தான் தடவிப் பார்ப்போம். ஆனால் உரிவது பெரும்பாலும் பலகையை அறுத்த விளிம்பில்தான் தொடங்கும். மலிவு விலைப் பொருட்களில் உள்ளே இருப்பது பெரும்பாலும் மரத்தூளையும் சில்லுகளையும் பசையோடு சேர்த்து அழுத்திய பார்ட்டிக்கிள் போர்டு. ஈரம் பட்டால் அது உப்பும். காய்ந்தாலும் பழைய கனத்துக்கு முழுதாகத் திரும்பாது. மேலே ஒட்டிய தாள் அதோடு சேர்ந்து உப்பாது, அதனால் பசை விட்டுவிடும்.

இரண்டு கதவு வைத்த அலமாரி ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

முதலில் குனிந்து, பக்கப் பலகைகளின் அடிவிளிம்பை விரலால் தடவுங்கள். சொரசொரவென்று தூள் ஒட்டினால் அங்கே விளிம்பை மூடும் பட்டை ஒட்டவில்லை என்று அர்த்தம். தரை துடைக்கும் தண்ணீர் நேராக உள்ளே ஏறும். என் முதல் புத்தக அலமாரி இப்படித்தான் போனது. மேலே புதுசு மாதிரி இருக்க, அடியில் விரல் தடிமனுக்கு வீங்கிவிட்டது. கால்கள் வைத்துத் தரையிலிருந்து சற்று உயர்த்திய அலமாரிக்கு இந்த ஆபத்து குறைவு.

அடுத்தது எட்ஜ் பேண்ட், அதாவது விளிம்பில் ஒட்டும் பட்டை. கதவின் மூலையில் அது முடியும் இடத்தில் நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். நகம் சிக்கினால் அங்கே இடைவெளி இருக்கிறது. 0.5 மி.மீ. பட்டை இடிபட்டால் சீக்கிரம் பெயரும், 2 மி.மீ. பட்டையின் முனையை உருட்டிவிட்டிருப்பார்கள், அது தாங்கும். பெரும்பாலும் உருக்கி ஒட்டும் பசைதான் என்பதால், அடுப்பருகே வைக்கப் போகிறீர்கள் என்றால் தடித்த பட்டையும் இளகலாம்.

சரி, மேலே இருப்பது என்ன? கதவைத் திறந்து கீல் குழியையோ பின்பக்க விளிம்பையோ பாருங்கள். சுமார் 1 மி.மீ. தடிமனில் பழுப்பான தனி அடுக்கு தெரிந்தால் லேமினேட். அடுக்கே தெரியாமல் ஓரம் சில்லு சில்லாக உடைந்திருந்தால், சூட்டில் அழுத்திப் பதித்த மெலமைன் தாளாக இருக்கலாம். அது உடையும், எளிதில் உரியாது. நான் பயப்படுவது, ஸ்டிக்கர் மாதிரி நகத்தில் தூக்கிக்கொள்ளும் மெல்லிய அச்சுத் தாளுக்குத்தான்.

வெனீர் நிஜ மரத்தின் மெல்லிய சீவல், அதனால் ரேகைகள் அச்சடித்தது போல ஒரே மாதிரி திரும்ப வராது. சாய்ந்த வெளிச்சத்தில் மேடு தெரிந்தால் அந்த இடத்தைத் தட்டுங்கள். மற்ற இடத்தைவிட வெற்றாக ஒலித்தால் அடியில் பசை பிடிக்கவில்லை.

எல்லாம் நன்றாக இருந்து பட்டை மட்டும் ஓர் இடத்தில் எழும்பியிருந்தால் விலை பேசி வாங்கலாம். மேலே துணி போட்டு, மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால் பல சமயம் திரும்ப ஒட்டிக்கொள்ளும். பலகையே உப்பியிருந்தால் வேண்டாம், அதைச் சரிசெய்ய முடியாது.