"சமர்ப்பித்ததும்" என்ற ஒரு சொல்லால் வந்த சிக்கல்

வெளி ஆலோசகருக்கு நான் எழுதிய முதல் பணி வரையறையில் "வரைவு அறிக்கை சமர்ப்பித்ததும் 40 சதவீதக் கட்டணம்" என்று போட்டிருந்தேன். கெடு நாளில் வந்தது பாதி அட்டவணைகள் காலியாக இருந்த 12 பக்கம். ஆனாலும் சமர்ப்பித்துவிட்டார், பணம் கொடுத்தே ஆக வேண்டியிருந்தது.

அடுத்த முறை தவணையை எங்கள் எழுத்துமூல ஒப்புதலோடு கட்டினேன்; வரைவில் எந்தெந்த அத்தியாயம், எத்தனை நேர்காணல், மூலத் தரவுக் கோப்பு எல்லாம் இருக்க வேண்டும் என்பதையும் எழுதிவைத்தேன். அப்புறம், அவருக்கும் நியாயம் வேண்டுமே: 10 வேலை நாளுக்குள் நாங்கள் கருத்து சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகக் கொள்ளலாம், திருத்தம் 2 சுற்று, அதற்கு மேல் தனிக் கட்டணம்.

இந்த முறையும் வரைவு நேர்காணல் குறிப்புகள் இல்லாமல்தான் வந்தது. வரைவில் என்னென்ன இருக்க வேண்டும் என்று எழுதிய வரியைக் காட்டினேன், 6ஆம் நாள் முழுதாக அனுப்பினார்.