பயண அட்டவணையில் ஒளிந்திருக்கும் தவறுகள்

சுங்கை சிப்புட்டில் பள்ளி விடுமுறை நெருங்கினால் போதும், தமிழ்நாட்டுக் கோயில் பயணத்துக்கான அட்டவணைகள் வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்துவிடும். வீட்டில் ஒருவர் தயாரிப்பார். மற்றவர்கள் "நல்லா இருக்கு" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். கடப்பிதழ் காலாவதி, விசா, பெயரில் எழுத்துப் பிழை ஆகியவற்றை எப்படியும் யாராவது கவனித்துவிடுவார்கள். படிக்கும்போது சரியாகத் தெரிந்து, கிளம்பிய பிறகு காலை வாரும் தவறுகளைத்தான் இங்கே பார்க்கிறோம்.

புறப்படும் நேரத்தை வைத்துக் கணக்குப் போடுவது

எத்தனை முறை சொன்னாலும் ஓயாத தவறு இது. ஓர் அட்டவணையில் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: 'காலை 10.40 இ.டி.எஸ். ரயில் கே.எல். சென்ட்ரல் சேரும். மதியம் 1.30 திருச்சி விமானம், கே.எல்.ஐ.ஏ. டெர்மினல் 2.' இடையில் 2 மணி 50 நிமிடம் இருக்கிறது. பார்க்கிறவர்களுக்கு அது தாராளமாகத் தெரியும்.

ஆனால் நீங்கள் 1.30க்குப் போய்ச் சேர வேண்டியதில்லை. பன்னாட்டு விமானங்களுக்குப் பெட்டி வாங்கும் கவுண்டரைப் பொதுவாக ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடுவார்கள். ஆக உண்மையான கெடு 12.30. கையில் இருப்பது 1 மணி 50 நிமிடம்.

இனி நடந்து பாருங்கள். பாட்டியையும் பெட்டிகளையும் ரயில் மேடையிலிருந்து மேலே ஏற்றி, கே.எல்.ஐ.ஏ. எக்ஸ்பிரஸ் வாசலுக்குப் போக 20 நிமிடம். அடுத்த வண்டிக்குக் காத்திருக்க 20 நிமிடம். டெர்மினல் 2 வரை ஓட்டம் 33 நிமிடம். அங்கே இறங்கி, கடைகளைக் கடந்து புறப்பாட்டுத் தளத்துக்கு ஏற 15 நிமிடம். மணி 12.08. கவுண்டர் வரிசையில் நிற்க மிச்சம் 22 நிமிடம்தான். இ.டி.எஸ். அரை மணி தாமதமானால் அதுவும் இல்லை.

"ஆன்லைன்ல செக்-இன் பண்ணிட்டோமே" என்பார்கள். அது ஆளுக்குத்தான், பெட்டிக்கு இல்லை. ரயில் டிக்கெட்டும் விமான டிக்கெட்டும் தனித்தனியாக வாங்கியவை. ரயில் தாமதம் என்று விமானம் காத்திருக்காது, பணமும் திரும்பாது. ஆறு பேர் குடும்பம் என்றால் அதே நாளில் ஆறு புது டிக்கெட் வாங்க வேண்டியிருக்கும். அன்றைய விலை என்னவோ அதுதான்.

1.30 விமானத்துக்குக் காலை 9 மணிக்குள் கே.எல். சென்ட்ரலில் இருக்க வேண்டும். அதற்கு ஏற்ற ரயில் கிடைக்கவில்லையென்றால் ஈப்போ அமான்ஜாயாவிலிருந்து விமான நிலையத்துக்கு நேராகப் போகும் பேருந்தைப் பாருங்கள், அதில் கே.எல். சென்ட்ரலில் ஏறி இறங்கும் பாடு இல்லை. அதுவும் சரிப்படவில்லையென்றால் முந்தின இரவே கே.எல். போய்விடுங்கள். ஒரு ராத்திரி அறை வாடகை, தவறவிட்ட விமானத்தைவிட மலிவு.

அட்டவணையைச் சரிபார்க்கும்போது ஒவ்வொரு மாற்றத்துக்கும் இப்படிக் கெடு நேரத்தை எழுதிக்கொண்டு பின்னோக்கி வாருங்கள். முன்னோக்கிப் போட்டால் எல்லாமே இடம்கொடுப்பதுபோலத்தான் இருக்கும்.

நள்ளிரவு விமானம்

15ஆம் தேதி அதிகாலை 12.25 என்றால் வீட்டைவிட்டுக் கிளம்புவது 14ஆம் தேதி.

கிழமை எழுதாத அட்டவணை

'நாள் 3: வண்டலூர், நாள் 6: எழும்பூர் அருங்காட்சியகம்' என்று எழுதியிருப்பார்கள். கிழமை இருக்காது. வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குச் செவ்வாய் விடுமுறை, எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளி விடுமுறை. திங்கள் கிளம்புவதாகத் தயாரித்த அட்டவணையில் நாள் 3 புதன், நாள் 6 சனி, இரண்டும் திறந்திருக்கும். பிறகு யாரோ ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் மலிவு என்று ஒரு நாள் முன்னே தள்ளுகிறார். நாள் 3 செவ்வாயாகிறது, நாள் 6 வெள்ளியாகிறது. இரண்டு கதவும் மூடிக்கொள்ள, அட்டவணையில் ஒரு எழுத்துகூட மாறியிருக்காது. அதனால்தான் இந்தப் பிழை யார் கண்ணிலும் படுவதில்லை.

ஒவ்வொரு வரியிலும் தேதியோடு கிழமையையும் எழுதுங்கள். புறப்படும் நாள் மாறினால் முதல் வரியிலிருந்து மறுபடி பாருங்கள்.

மதியம் கோயில்

தஞ்சைப் பெரிய கோயில், மதுரை மீனாட்சி கோயில் இரண்டிலும் பகல் 12.30 அளவில் நடை சாத்தி, மாலை 4க்குத்தான் திறப்பார்கள். '1 மணி: மீனாட்சி' என்ற வரியை அடித்துவிடுங்கள்.

பழனி ரோப் கார்

மாதம் ஒரு நாள் பராமரிப்புக்கு நிறுத்துவார்கள். ஆண்டுப் பராமரிப்பு வந்தால் வாரக்கணக்கில் ஓடாது. முட்டி வலிக்காரர் உடன் வந்தால், போகும் தேதியில் அது ஓடுமா என்று கோயில் அறிவிப்பில் பார்த்துவிட்டுப் பழனியைச் சேருங்கள். ஓடாது என்றால் விஞ்ச் இருக்கிறது, ஆனால் எல்லாரும் அதற்கே வருவார்கள். அன்று பழனியைத் தவிர வேறு ஊர் எதையும் வைக்காதீர்கள்.